ஒரு கோடி லிட்டரில் ஒரு கிராம்

சாம்பார் சிந்திய வெள்ளைச் சட்டையைத் துவைத்தவர்களுக்கு இது தெரிந்த சங்கதிதான். மஞ்சள் கறையின் மேல் சோப்பைத் தேய்த்த மறுநொடி அது செக்கச்செவேலென்று ஆகிவிடும். பதறிப்போய் நல்ல தண்ணீரில் நாலு முறை அலசினால் சிவப்பு மறைந்து பழைய மஞ்சளே திரும்பி வரும். மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள் காரத்தைத் தொட்டால் சிவக்கும். காரம் விலகினால் பழையபடி ஆகிவிடும். சோப்பு ஒரு காரம். ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் நீரில் சுண்ணாம்பு சேர்ந்ததும் தட்டு முழுக்கச் சிவப்பதும் இதே காரணத்தால்தான்.

அதே கறையின் மேல் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து பாருங்கள். நிறம் அப்படியே இருக்கும். வெறும் தண்ணீர் ஊற்றினாலும் அப்படியேதான். எலுமிச்சைச் சாறு அமிலம், தண்ணீர் இரண்டும் அல்லாதது. ஆனால் அந்த வேறுபாட்டை மஞ்சள் காட்டிக்கொடுக்காது. அதற்குச் சங்குப்பூ வேண்டும். நீலச் சங்குப்பூ எட்டுப் பத்தைப் பறித்து வெந்நீரில் போட்டு, நிறம் நன்றாக இறங்கியதும் வடிகட்டி, ஆறவைத்து மூன்று கண்ணாடி டம்ளர்களில் ஊற்றுங்கள். முதல் டம்ளரில் அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்தால் நீலம் கண்ணெதிரே ஊதாவாகி, பிறகு இளஞ்சிவப்பாகும். இரண்டாவதில் வெள்ளைச் சோப்பைக் கரைத்த நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் பச்சைச் சாயல் எட்டிப்பார்க்கும். மூன்றாவதில் தண்ணீரை மட்டும் சேர்த்தால் நிறம் வெளுக்குமே தவிர நீலம் நீலமாகவே நிற்கும்.

நிறம் சொல்வது இவ்வளவுதான்: இது அமிலம், இது காரம், இது இரண்டும் இல்லை. எவ்வளவு அமிலம், எவ்வளவு காரம் என்று கேட்டால் பூவிடம் பதில் இல்லை. அந்த ‘எவ்வளவு’க்கு விடையாக வந்த எண்தான் பிஎச்.

அது பிறந்த இடம் ஒரு பீர் ஆலையின் ஆய்வுக்கூடம். டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரில் கார்ல்ஸ்பெர்க் ஆலை நடத்திய அந்த ஆய்வுக்கூடத்தில் சோரென் சோரென்சென் என்ற வேதியியலர் நொதிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். கரைசலின் அமிலத்தன்மை சற்றே மாறினாலும் நொதியின் வேலை தலைகீழாகிவிடும். அதனால் அமிலத்தன்மையைத் துல்லியமாகக் குறித்துக்கொண்டே வர வேண்டியிருந்தது. குறித்த எண்களோ 0.01, 0.00004, 0.0000001 என்று புள்ளிக்குப் பின்னால் பூஜ்யங்களாக நீண்டன. 1909-ல் அவர் அந்தப் பூஜ்யங்களுக்குப் பதிலாக ஒரே ஒரு சின்ன எண்ணை எழுதும் முறையை வெளியிட்டார். உலகம் அதைப் பிடித்துக்கொண்டது.

அவர் எண்ணியது ஹைட்ரஜன் அயனிகளை. தண்ணீர் மூலக்கூறு என்பது இரண்டு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். அது எப்போதும் முழுதாக இருப்பதில்லை. எந்த நொடியில் பார்த்தாலும் ஏறத்தாழ 55 கோடி மூலக்கூறுகளில் ஒன்று உடைந்து, ஹைட்ரஜன் அயனி ஒன்றும் ஹைட்ராக்சைடு அயனி ஒன்றுமாகப் பிரிந்திருக்கும். ஹைட்ரஜன் அயனி அமிலத்தின் அடையாளம், ஹைட்ராக்சைடு காரத்தின் அடையாளம். தூய நீரில் இரண்டும் சரிசமமாக இருப்பதால்தான் அது நடுநிலை.

இந்த ஹைட்ரஜன் அயனிகளை எடைபோட்டுப் பார்ப்போம். தூய நீரில் மொத்தம் 1 கிராம் ஹைட்ரஜன் அயனி சேர வேண்டுமானால் எத்தனை லிட்டர் நீர் தேவைப்படும்? 25 டிகிரி வெப்பநிலையில் சரியாக ஒரு கோடி லிட்டர். ஒரு கோடிக்கு எத்தனை பூஜ்யம்? ஏழு. தண்ணீரின் பிஎச் 7 என்பது அந்த ஏழுதான். இதைப் பிடித்துக்கொண்டால் முழு அளவுகோலும் கைக்கு வந்துவிடும். 1 கிராம் ஹைட்ரஜன் அயனிக்கு எத்தனை லிட்டர் கரைசல் வேண்டும் என்று கேட்டு, வருகிற எண்ணின் பூஜ்யங்களை எண்ணினால் அதுவே பிஎச்.

எலுமிச்சைச் சாற்றுக்கு ஏறத்தாழ 200 லிட்டர் போதும். 100 என்றால் இரண்டு பூஜ்யம், 1,000 என்றால் மூன்று. 200 இரண்டுக்கும் நடுவில் வருகிறது. இப்படி நடுவில் வருவதற்கும் எண் தருவதற்காகத்தான் கணிதத்தில் மடக்கை என்ற ஏற்பாடு இருக்கிறது. 200-க்கு அது தரும் விடை 2.3. பழத்துக்குப் பழம் சிறிது கூடக் குறைய இருந்தாலும் எலுமிச்சையின் பிஎச் 2-க்கும் 2.6-க்கும் இடையில்தான் அமையும்.

சோப்பு நீர் எதிர்த்திசையில் போகிறது. சாதாரணக் குளியல் சோப்பைக் கரைத்தால் பிஎச் 10-ஐ ஒட்டி வரும். 10 என்றால் பத்துப் பூஜ்யம். அதாவது ஆயிரம் கோடி லிட்டர் சோப்பு நீரில்தான் 1 கிராம் ஹைட்ரஜன் அயனி தேறும். ‘காரத்தில் ஹைட்ரஜன் அயனிக்கு என்ன வேலை?’ என்று கேட்கலாம். தண்ணீர் இருக்கும் இடமெல்லாம் அதுவும் இருக்கும்; முழுதாக ஒழிவதே இல்லை. ஹைட்ராக்சைடும் அதுவும் தராசின் இரு தட்டுகள் போலக் கட்டுண்டவை. ஒன்று ஆயிரம் மடங்கு ஏறினால் மற்றது ஆயிரம் மடங்கு இறங்கியே தீரும். அதனால்தான் ஹைட்ரஜன் அயனி ஒன்றை மட்டும் எண்ணி அமிலம், காரம் இரண்டையும் ஒரே அளவுகோலில் வைக்க முடிகிறது.

இந்த அளவுகோலில் பலரும் இடறும் இடம் ஒன்று உண்டு. 2.3-க்கும் 7-க்கும் உள்ள இடைவெளி ஐந்துக்கும் குறைவு என்று பார்த்து, எலுமிச்சை தண்ணீரைவிட ஐந்து பங்கு அமிலம் போலிருக்கிறது என்று நினைத்துவிடுவார்கள். ஒவ்வோர் எண்ணும் பத்து மடங்கு. 200 லிட்டர் எங்கே, ஒரு கோடி லிட்டர் எங்கே! எலுமிச்சைச் சாற்றில் தண்ணீரைவிட ஐம்பதாயிரம் மடங்கு அதிக ஹைட்ரஜன் அயனி இருக்கிறது. சோப்பு நீரோடு ஒப்பிட்டால் ஐந்து கோடி மடங்கு.

இந்த எண்ணை அளப்பது நீண்ட காலம் பெரும்பாடாக இருந்தது. அந்தப் பாட்டைத் தீர்த்து வைத்ததும் எலுமிச்சைச் சாறுதான். 1934-ல் கலிபோர்னியாவில் எலுமிச்சை, ஆரஞ்சு விவசாயிகளின் கூட்டமைப்பு ஒன்றில் கிளென் ஜோசப் என்ற வேதியியலர் வேலை பார்த்தார். சாற்றின் அமிலத்தன்மையை அளப்பது அவர் பொறுப்பு. அங்கே எலுமிச்சைச் சாற்றில் கந்தக டை ஆக்சைடு கலந்திருப்பார்கள். அது நிறத்தை வெளுக்கும் பொருள். லிட்மஸ் தாளை நனைத்தால் சாயமே வெளுத்துப்போகும். ஹைட்ரஜன் மின்முனை என்ற நுட்பமான கருவியையும் அதே வாயு கெடுத்துவிடும். மிச்சம் இருந்தது கண்ணாடி மின்முனை. மெல்லிய கண்ணாடிக் குமிழியை அமிலத்தில் நனைத்தால், ஹைட்ரஜன் அயனிகளின் அளவுக்கு ஏற்ப அதில் சிறு மின்னழுத்தம் உண்டாகும். கந்தக டை ஆக்சைடு அதை ஒன்றும் செய்யாது. ஆனால் கண்ணாடி வழியே வரும் மின்னோட்டம் மிக மிகச் சொற்பம். அதைப் படிக்க வேண்டுமானால் குமிழியை மிக மெல்லியதாக ஊத வேண்டும். மெல்லியதாக ஊதினால் உடைந்துபோகும்.

ஜோசப் தன் கல்லூரித் தோழரைத் தேடிப் போனார். அவர் பாசடீனாவில் கால்டெக் நிறுவனத்தில் வேதியியல் கற்பித்துவந்த ஆர்னால்ட் பெக்மன். மின்னோட்டம் சிறியதாக இருக்கிறது, அவ்வளவுதானே, அதைப் பெருக்கிவிட்டால் போயிற்று என்று பெக்மன் வெற்றிடக் குழல்களைக் கொண்டு ஒரு பெருக்கியை அமைத்துக் கொடுத்தார். இனிக் கண்ணாடியைத் தடிமனாகவே ஊதலாம். சில நாளில் ஜோசப் திரும்பி வந்து இன்னொன்று கேட்டார். முதலாவதை ஆய்வுக்கூடத்தில் மற்றவர்கள் ஓயாமல் எடுத்துக்கொண்டு போனதால் அவர் கைக்கே அது கிடைக்கவில்லை. ஒரு கூடத்திலேயே இரண்டு தேவைப்படுகிறதென்றால் வெளியிலும் வாங்க ஆள் இருக்கும் என்று பெக்மனுக்குத் தோன்றியது. 1935-ல் அசிடிமீட்டர் என்ற பெயரில், 195 டாலர் விலையில் அது விற்பனைக்கு வந்தது. அந்தக் காலத்துக்கு அது பெரிய விலை. ஆனாலும் விற்றது.

இன்று குடிநீர்ச் சோதனைக்கும் மீன்தொட்டிக்கும் பேனா அளவில் விற்கும் மீட்டருக்குள் இருப்பதும் அதே கண்ணாடிக் குமிழிதான். பிஎச் ஓர் எண் மாறினால் குமிழியின் மின்னழுத்தம் 25 டிகிரியில் 59 மில்லிவோல்ட் மாறும். மீட்டர் அதைத்தான் எண்ணாக்கிக் காட்டுகிறது. குமிழி நாளாக ஆகத் தடம் மாறும் என்பதால் பிஎச் தெரிந்த கரைசல்களில், வழக்கமாக 4, 7, 10 ஆகிய மூன்றில், நனைத்துச் சரிபார்த்த பிறகே அளக்க வேண்டும். இதைச் செய்யாமல் படிக்கும் எண்ணை நம்புவதற்குச் சங்குப்பூவையே நம்பலாம்.

எலுமிச்சை, சோப்பு நீர், தூய நீர் மூன்றையும் வரிசையாக வைத்து அளந்தால் எது தகராறு செய்யும் என்று நினைக்கிறீர்கள்? எலுமிச்சைச் சாற்றில் மீட்டர் சில நொடிகளில் 2.3 என்று காட்டி நின்றுவிடும். சோப்பு நீரிலும் நிற்கும். குமிழியின் மேல் சோப்புப் படலம் ஒட்டுவதால் கழுவிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். தூய நீரில்தான் எண் நிற்காமல் அலையும். மின்சாரத்தைக் கடத்த அதில் அயனிகளே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. குமிழிக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. கொஞ்ச நேரம் திறந்து வைத்தாலோ எண் 7-லிருந்து நழுவி இறங்கி 5.6-ஐ ஒட்டிப் போய் நிற்கும். மீட்டரில் கோளாறு இல்லை. காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு நீரில் கரைந்து மென்மையான அமிலமாகிவிட்டது. மழைநீர் தூய்மையான காற்றிலேயே சற்று அமிலமாக இருப்பதும் இதனால்தான். சூடும் தன் பங்குக்கு வேலை காட்டும். கொதிக்கும் தூய நீரின் பிஎச் ஏறத்தாழ 6.1. அதனால் அது அமிலமாகிவிட்டது என்று பொருளல்ல. சூட்டில் அதிக மூலக்கூறுகள் உடைந்து, ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடும் ஒன்றுபோல் கூடியிருக்கின்றன. நடுநிலை என்றால் 7 என்பது 25 டிகிரிக்கு மட்டும் உரிய பேச்சு.

தூய நீர் எவ்வளவு இளகிய மனத்தது என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு லிட்டர் தூய நீரில் ஒரே ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விழுந்தால் பிஎச் 7-லிருந்து 5-க்குக் கீழே போய்விடும். அதாவது ஹைட்ரஜன் அயனி நூறு மடங்குக்கு மேல் கூடிவிட்டது. அதே சொட்டை ஒரு லிட்டர் போர்வெல் தண்ணீரில் விட்டுப் பாருங்கள். நம்மூர்க் கடினநீராக இருந்தால் எண் அசைவதே தெரியாது. அதில் கரைந்துள்ள பைகார்பனேட் உப்புகள் வருகிற அமிலத்தை உடனுக்குடன் விழுங்கிவிடும். இரண்டு தண்ணீரும் மீட்டரில் 7-ஐ ஒட்டியே காட்டியிருக்கலாம். ஒன்று ஒரு சொட்டுக்குத் தாங்காது, மற்றது அதற்கெல்லாம் அசராது.

பிஎச் சொல்லாமல் விடும் விஷயம் இதுதான். அந்த எண் அந்த நேரத்தில் கரைசலில் தனியாகத் திரியும் ஹைட்ரஜன் அயனியை மட்டும் எண்ணுகிறது. பின்னால் எவ்வளவு சரக்கு காத்திருக்கிறது என்பது அதில் வராது. எலுமிச்சைச் சாற்றில் ஒரு லிட்டருக்கு 50 கிராம் அளவுக்குச் சிட்ரிக் அமிலம் இருக்கும். அது மென்அமிலம், தன் ஹைட்ரஜனை எளிதில் கைவிடாது. ஒரு ஹைட்ரஜன் அயனி வெளியே திரிகிறது என்றால், அமிலத்தின் பிடிக்குள் நூற்றுக்கும் மேற்பட்டவை இன்னும் இருக்கின்றன. சாற்றோடு ஒன்பது பங்கு தூய நீரைச் சேர்த்தால் பத்து மடங்கு நீர்த்துவிட்டது, பிஎச் 3.3 ஆகியிருக்க வேண்டும். ஆனால் 2.6, 2.7-ஐத் தாண்டாது. நீர் சேரச் சேர, பிடிக்குள் இருந்தவை ஒவ்வொன்றாக வெளியே வந்து இடத்தை நிரப்பிவிடுகின்றன. சர்க்கரை போட்டால் புளிப்பு அடங்கியதாக நாக்கு நினைக்கும். மீட்டரில் அது எடுபடாது.

சோப்பிலும் இதே கதைதான், மறுதிசையில். 10 கிராம் குளியல் சோப்பை ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்கிறோம், பிஎச் 10 என்று வைத்துக்கொள்வோம். அந்த நீரில் தனியாக இருக்கும் ஹைட்ராக்சைடை மட்டும் கணக்கிட்டால், அதைத் தீர்க்க மூன்று சொட்டு எலுமிச்சைச் சாறு போதும். விட்டுப் பாருங்கள், எண் நகராது. உண்மையில் நடுநிலைக்குக் கொண்டுவர 40 மில்லிக்கு மேல், இரண்டு மூன்று பழத்தின் சாறு தேவைப்படும். ஏனென்றால் சோப்பு என்பதே கொழுப்பு அமிலத்தின் சோடியம் உப்பு. வருகிற ஹைட்ரஜன் அயனியைச் சோப்பு மூலக்கூறுகள் ஒவ்வொன்றும் கவ்விக்கொள்கின்றன. கவ்விய சோப்பு பிறகு சோப்பாக இருப்பதில்லை. பழையபடி கொழுப்பு அமிலமாகிவிடுகிறது. கண்ணாலேயே பார்க்கலாம். சாற்றை ஊற்ற ஊற்ற நுரை அடங்கி, நீர் பால்போல் கலங்கி, வெள்ளைத் துணுக்குகள் மேலே மிதக்கும். விரலில் எடுத்துத் தேய்த்தால் மெழுகுபோல் பிசுபிசுக்கும். அந்த நீரில் துணியைப் போட்டால் அழுக்கு போகாது.

கடையில் சோப்பு வாங்கும்போது இது பயன்படும். நம் தோலின் மேற்பரப்பு பிஎச் 5-ஐ ஒட்டிய மென்மையான அமிலத்தன்மை கொண்டது. சோப்பு போட்டுக் குளித்தால் அது சிறிது நேரம் ஏறி, சில மணி நேரத்தில் தானாகவே இறங்கிவிடும். நல்ல தோலுக்கு இதனால் பெரிய தொல்லை இல்லை. வறண்ட தோலும் கரப்பானும் உள்ளவர்களுக்குத்தான் எரிச்சல். அவர்களுக்கென்று ‘பிஎச் 5.5’ என்று உறையில் அச்சிட்ட கட்டிகள் கிடைக்கின்றன. கொழுப்பையும் காரத்தையும் சேர்த்துச் செய்யும் அசல் சோப்பு எதுவும் 5.5-ல் இருக்க முடியாது. அந்த எண்ணுக்கு இறங்கினால் மேலே சொன்ன வெள்ளைத் துணுக்காகத்தான் அது மிதக்கும். அந்தக் கட்டிகளில் இருப்பது சலவைத்தூள் வகையைச் சேர்ந்த, ஆனால் மென்மையான, செயற்கை அழுக்குநீக்கிகள். உறையின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்: டி.எஃப்.எம். என்று கொழுப்பின் விழுக்காடு போட்டு ‘டாய்லெட் சோப்’ என்று எழுதியிருந்தால் அது காரம்தான், முன்பக்கம் என்ன சொன்னாலும். சந்தேகம் இருந்தால் துண்டு ஒன்றைக் கரைத்து மஞ்சள் கறையின் மேல் இரண்டு சொட்டு விடுங்கள். சிவந்தால் அது சோப்பு.